10 கிலோமீட்டரை 58 நிமிடத்தில் முடிக்க: இலக்கு நேரத்தைச் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு போர்டிலும் சரிபார்க்கும் முறை

10K ஓட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கிலோமீட்டருக்கு என்ன பேஸ் என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஏழாவது கிலோமீட்டர் போர்டைத் தாண்டும்போது வாட்ச் எவ்வளவு காட்ட வேண்டும் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். ஓட்டம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். போர்டில் பார்க்க வேண்டியது கடைசி ஒரு கிலோமீட்டர் எடுத்த நேரத்தை அல்ல, தொடக்கக் கோட்டிலிருந்து ஓடியிருக்கும் மொத்த நேரத்தை. கீழே உள்ள எல்லாப் படிகளும் அதை எளிதாக்குவதற்காகத்தான்.

உதாரணத்துக்கு 58 நிமிட இலக்கை எடுத்துக்கொள்கிறேன். 60 நிமிடம் என்றால் கணக்கே இல்லை, ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம், அவ்வளவுதான். 58 என்று வரும்போதுதான் பிழைகள் தலைகாட்டும்.

தேவையானவை: அண்மையில் முழு மூச்சாக ஓடிய ஒரு 5 கிலோமீட்டர் நேரம், லேப் பட்டன் உள்ள வாட்ச், ஒரு துண்டுக் காகிதம், செலோ டேப், ஓட்டப் பாதையின் வரைபடம்.

## 1. இலக்கு நேரத்தை 5 கிலோமீட்டர் நேரத்திலிருந்து எடுங்கள்

ஆசைக்கு ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அதை எவ்வளவு துல்லியமாகப் பிரித்தாலும் பயன் இல்லை. கடந்த நாலைந்து வாரத்துக்குள் ஓடிய 5 கிலோமீட்டர் நேரத்தை 2.085 ஆல் பெருக்குங்கள். பீட்டர் ரீகல் என்பவர் தந்த சூத்திரத்திலிருந்து வருகிற எண் இது. தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பைவிடச் சற்று அதிகமாகும் என்பதுதான் அதன் சாரம்.

27:45 இல் 5 கிலோமீட்டர் ஓடியவருக்கு 1,665 விநாடி. பெருக்கினால் ஏறத்தாழ 3,472 விநாடி, அதாவது 57:52. இவர் 58 நிமிடத்தை இலக்காக வைக்கலாம். 29 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 60 நிமிடத்துக்கு மேல் வரும். அவர் 58 ஐ எழுதிக்கொண்டு போனால் ஆறாவது கிலோமீட்டரில் நடக்கத்தான் செய்வார்.

இரண்டு எச்சரிக்கைகள். அந்த 5 கிலோமீட்டர் ஓடிய நாளின் வெயிலும் புழுக்கமும் ஓட்ட நாளோடு ஒத்துப்போக வேண்டும். டிசம்பர் காலையில் ஓடிய நேரத்தை வைத்து ஏப்ரல் ஓட்டத்துக்குக் கணக்குப் போடக் கூடாது. அடுத்தது, வாரத்துக்கு 10 கிலோமீட்டர்கூட ஓடாதவருக்கு இந்தச் சூத்திரம் தாராளமாகவே ஆசை காட்டும். அவர் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்வது நல்லது.

## 2. விநாடியாக மாற்றிவிட்டு வகுங்கள்

58 × 60 = 3,480 விநாடி. பத்தால் வகுத்தால் 348 விநாடி. அதை மறுபடி நிமிடமாக்கினால் 5 நிமிடம் 48 விநாடி.

விநாடிக்குப் போய்த் திரும்பும் இந்தச் சுற்றுவழிக்குக் காரணம் உண்டு. கால்குலேட்டரில் 58 ஐ 10 ஆல் வகுத்தால் 5.8 என்று வரும். அதை 5 நிமிடம் 8 விநாடி என்று படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேகத்தில் முதல் மூன்று கிலோமீட்டர் ஓடினால் இரண்டு நிமிடம் முன்னால் இருப்பீர்கள், அதன்பின் எதற்கும் தெம்பு இருக்காது. 0.8 என்பது ஒரு நிமிடத்தின் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 48 விநாடி.

இலக்கு 57:45 போல இருந்தால் 346.5 விநாடி வரும். அந்த அரை விநாடியை இப்போதே முழுமையாக்க வேண்டாம். கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு போர்டுக்கும் வருகிற மொத்தத்தை மட்டும் முழு விநாடியாக்குங்கள். முதலிலேயே 347 ஆக்கினால் பத்தாவதில் 5 விநாடி தப்பாக நிற்கும்.

## 3. மொத்த நேரப் பட்டியலைக் கையில் கட்டுங்கள்

58 நிமிடத்துக்கான பட்டியல் இது:

| கி.மீ. | வாட்ச் காட்ட வேண்டியது |
|---|---|
| 1 | 5:48 |
| 2 | 11:36 |
| 3 | 17:24 |
| 4 | 23:12 |
| 5 | 29:00 |
| 6 | 34:48 |
| 7 | 40:36 |
| 8 | 46:24 |
| 9 | 52:12 |
| 10 | 58:00 |

இதைக் காகிதத் துண்டில் எழுதி, இருபுறமும் செலோ டேப் ஒட்டி, மணிக்கட்டில் வளையமாகச் சுற்றுங்கள். பேனாவால் நேராகக் கையில் எழுதுகிறவர்கள் உண்டு. சென்னைப் புழுக்கத்தில் நான்காவது கிலோமீட்டருக்குள் வியர்வையில் அழிந்துவிடும். எண்களைப் பெரிதாக எழுதுங்கள், 5 ஆவது வரியைத் தடிமனாக்குங்கள். வாட்ச் கட்டாத கையில் இருந்தால் இரண்டையும் அருகருகே பிடித்துப் பார்க்கலாம்.

துண்டு நனைந்து கிழிந்தால் என்ன செய்வது? மனக்கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. 5:48 என்பது 6 நிமிடத்துக்கு 12 விநாடி குறைவு. ஆகவே எந்தப் போர்டு என்றாலும் ஆறால் பெருக்கி, கிலோமீட்டருக்கு 12 விநாடி வீதம் கழித்தால் போதும். ஏழாவதில் 42 நிமிடம், அதில் 84 விநாடியைக் கழித்தால் 40:36. உங்கள் இலக்கு வேறு என்றாலும் பக்கத்தில் இருக்கும் முழு நிமிடத்தைப் பிடித்து இதே மாதிரி ஒரு கழித்தலோ கூட்டலோ வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது மூளை பெருக்கலைத் தாங்கும், 348 ஐத் திரும்பத் திரும்பக் கூட்டச் சொன்னால் முரண்டு பிடிக்கும்.

## 4. வாட்சில் இரண்டு அமைப்புகளை அணைத்துவிடுங்கள்

முதலாவது `Auto Lap`. இது ஜிபிஎஸ் கணக்கில் 1 கிலோமீட்டர் ஆனதும் தானாகவே லேப் போடும். ஆனால் ஜிபிஎஸ் கிலோமீட்டரும் சாலையில் வைத்திருக்கும் போர்டும் ஒன்றாக இருப்பதில்லை.

முறையாக அளந்த ஓட்டப் பாதை என்றால், ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளந்திருப்பார்கள், ஒவ்வொரு வளைவிலும் உள்விளிம்பை ஒட்டியபடி. நீங்களோ கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடுவீர்கள். ஜிபிஎஸ்ஸின் சொந்தப் பிழையும் சேரும். கடைசிக் கோட்டைத் தாண்டும்போது வாட்ச் 10.1 காட்டுவது சாதாரணம்.

5:48 பேஸில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.35 விநாடி. 100 மீட்டருக்கு 35 விநாடி. வாட்ச் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் 5:48 என்று பச்சைக் கொடி காட்டிக்கொண்டே வந்து, 58:00 ஆகும்போது கோடு இன்னும் 100 மீட்டர் தள்ளி நிற்பதன் காரணம் இதுதான். போர்டில் நீங்களே லேப் பட்டனை அழுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது `Auto Pause`. தண்ணீர் குடிக்க நின்றால் வாட்ச் நின்றுவிடும். போட்டியின் கடிகாரம் நிற்காது. இதை அணைக்காவிட்டால் பட்டியலோடு ஒப்பிடுவதற்கே அர்த்தம் இல்லை.

திரையில் இரண்டே எண்கள் இருக்கட்டும்: மேலே மொத்த நேரம், கீழே நடப்பு லேப் நேரம். அந்தந்த நொடியின் பேஸைக் காட்டும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். மரநிழலிலும் மேம்பாலத்தடியிலும் அது 5:20 க்கும் 6:15 க்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும். அதைத் துரத்துகிறவரின் ஓட்டமும் அப்படியே தாவும்.

லேப் பட்டனை ஓடிக்கொண்டே அழுத்திப் பழகுங்கள். வியர்த்த விரலில் ஸ்டாப் பட்டனை அழுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது.

## 5. போர்டுகள் எங்கே இருக்கும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் ஓட்டங்கள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. முதல் இரண்டு மூன்று போர்டுகளை இருட்டில்தான் தேட வேண்டும். வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அருகில் உள்ள ஓர் அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலை வழியாகப் பாதை போகிறது என்றால் உழைப்பாளர் சிலை, கலங்கரை விளக்கம் போன்றவை நல்ல அடையாளங்கள்.

21 கிலோமீட்டர் ஓட்டமும் அதே சாலையில் நடந்தால் இரண்டுக்குமான போர்டுகளும் கலந்து நிற்கும். உங்கள் தூரத்தின் போர்டு என்ன நிறம் என்று, நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப்பை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். போய்த் திரும்பும் பாதையில் எதிர்த்திசைக்கான போர்டின் முதுகைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு.

இன்னொன்று: சமமான ஸ்பிளிட், அதாவது எல்லாக் கிலோமீட்டருக்கும் ஒரே நேரம் என்பது சமதளப் பாதைக்கான கணக்கு. சென்னைக் கடற்கரைச் சாலைகளில் பாலம் ஏறும் இடத்தைத் தவிர வேறு மேடு கிடையாது, ஆகவே அப்படியே பயன்படுத்தலாம். பெங்களூரு, ஊட்டி மாதிரி ஏற்ற இறக்கமான ஊரில் மேட்டுக் கிலோமீட்டருக்குச் சில விநாடிகளைக் கூட்டி, இறக்கக் கிலோமீட்டரில் கழித்து, பத்தாவது வரி மாறாமல் பட்டியலைத் திருத்துங்கள். மேட்டில் 5:48 ஐப் பிடிக்கப் போனால் அந்த மூச்சிரைப்பு அடுத்த கிலோமீட்டரிலும் கூடவே வரும்.

## 6. கோட்டைத் தாண்டும்போது வாட்சைத் தொடங்குங்கள்

வெடிச்சத்தம் கேட்டதும் அல்ல. கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தால் தொடக்கப் பாயை மிதிக்கவே ஒரு நிமிடம் ஆகலாம். பிப்பில் உள்ள சிப் உங்கள் நேரத்தை அந்தப் பாயிலிருந்துதான் எண்ணும். வழியில் பெரிய கடிகாரம் வைத்திருந்தால் அது வெடிச்சத்த நேரத்தைக் காட்டும். அதைப் பட்டியலோடு ஒப்பிடாதீர்கள்.

முதல் கிலோமீட்டர் நெரிசலில் 5:55 ஆனால் கவலை இல்லை. ஏழு விநாடியை ஒன்பது கிலோமீட்டரில் பிரித்தால் கணக்கிலேயே வராது. ஆபத்து மறுபக்கம்தான். கால் புத்துணர்வோடு இருக்கும், சுற்றிலும் எல்லோரும் பாய்வார்கள், 5:25 ஓடியும் மெதுவாகப் போவது போலவே தோன்றும். முதல் 300 மீட்டர் பலர் உங்களைக் கடந்து போகவில்லை என்றால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி 5:30 இல் முதல் போர்டு வந்துவிட்டால் பிரேக் பிடித்து அடுத்ததை 6:06 ஆக்க வேண்டாம். 5:48 க்குத் திரும்புங்கள், அது போதும். அந்த 18 விநாடி பின்னால் தானாகக் கரையும். அதைச் சேமிப்பாக எண்ணி இன்னும் கூட்டப் பார்ப்பதுதான் தவறு.

## 7. ஒவ்வொரு போர்டிலும் ஒரே வரிசையில் செய்யுங்கள்

போர்டு தூரத்தில் தெரியும்போதே கையைத் தயாராக வையுங்கள். போர்டு தோளுக்கு நேராக வரும்போது லேப். பிறகு மொத்த நேரம், பட்டியல், வித்தியாசம். இந்த வரிசைக்குக் காரணம், லேப் அழுத்துவதற்கு முன் பட்டியலைத் தேடத் தொடங்கினால் போர்டு தாண்டிவிடும். வித்தியாசத்தைப் பார்த்ததும் கீழ்க்கண்டபடி முடிவெடுங்கள்.

ஐந்து விநாடிக்குள் இருந்தால் எதையும் மாற்றாதீர்கள். பட்டனை அழுத்துவதிலேயே ஓரிரு விநாடி போகும்.

ஆறிலிருந்து பதினைந்து விநாடி வரை பின்தங்கியிருந்தால், மீதமிருக்கும் கிலோமீட்டர்களால் வகுத்து அந்த அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். நான்காவதில் 12 விநாடி பின்னால் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 2 விநாடி. அடுத்த போர்டுக்குள் முழுவதையும் பிடிக்கப் பார்த்தால் 5:36 ஓட வேண்டியிருக்கும், அது உங்களுடைய 5 கிலோமீட்டர் பேஸை நெருங்கிவிடும்.

ஒரே போர்டில் திடீரென்று பதினைந்துக்கு மேல் மாறினால் முதலில் போர்டைச் சந்தேகப்படுங்கள். பாதையின் மொத்த நீளம் சரியாக இருந்தாலும், இடையில் உள்ள போர்டுகளைத் தன்னார்வலர்கள் அதிகாலையில் கட்டியிருப்பார்கள். கம்பம் கிடைத்த இடத்தில் கட்டியதால் 50 மீட்டர் தள்ளிப்போயிருக்கலாம், அது 17 விநாடி. அடுத்த போர்டு வரை அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள். அங்கும் அதே வித்தியாசம் இருந்தால்தான் அது உங்களுடையது.

போர்டையே தவறவிட்டால்? ஒன்றும் ஆகாது. அடுத்த போர்டில் மொத்த நேரத்தைப் பாருங்கள். ஸ்பிளிட்டை மட்டும் நம்புகிறவருக்கு அந்த இடத்தில் 11:36 என்று ஒரு லேப் வந்து குழம்பும்.

## 8. ஒரு ஓட்டம், போர்டு போர்டாக

எங்கள் காலை ஓட்டக் குழுவில் உள்ள ஒரு பெண்மணி 58 நிமிட இலக்கோடு ஓடியபோது வாட்சில் பதிவானதைப் பார்ப்போம்.

முதல் போர்டில் 5:41, இரண்டாவதில் 11:27. ஒன்பது விநாடி முன்னால். கொஞ்சம் வேகம், ஆனால் கட்டுக்குள்தான் இருந்தது. மூன்றாவதில் லேப் 6:06 காட்டியது, மொத்தம் 17:33. முன்னால் இருந்தவர் ஒரே கிலோமீட்டரில் ஒன்பது விநாடி பின்னால் போய்விட்டார். மூச்சோ காலோ எதுவும் மாறவில்லை. “வேகம் குறைஞ்ச மாதிரியே தெரியலண்ணா, அதனால அப்படியே போய்ட்டேன்” என்று பிறகு சொன்னார். நான்காவது போர்டில் லேப் 5:31, மொத்தம் 23:04. மறுபடி எட்டு விநாடி முன்னால்.

இரண்டு லேப்பையும் கூட்டினால் 11:37, சராசரி 5:48 சொச்சம். அதாவது அவர் மாறவே இல்லை, மூன்றாவது போர்டுதான் ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி நின்றிருக்கிறது. 6:06 ஐப் பார்த்துப் பதறி வேகம் கூட்டியிருந்தால், நான்காவது லேப்பில் 5:20 போல ஒரு எண் வந்திருக்கும். அடுத்து அதற்குப் பயந்து மெதுவாகப் போயிருப்பார்.

ஐந்தாவதில் 28:54. ஆறாவதில் தண்ணீருக்கு ஒதுங்கியதில் சரியாக 34:48, முன்னால் இருந்த விநாடிகள் தீர்ந்தன. ஏழாவதில் 40:43, ஏழு விநாடி பின்னால். எட்டாவதில் 46:34, பத்து விநாடி பின்னால். இரண்டு போர்டுகள் தொடர்ந்து ஒரே பக்கம் காட்டியதால் இது போர்டின் பிழை அல்ல, உண்மையான தளர்ச்சி. பத்து விநாடியை இரண்டு கிலோமீட்டரில் பிரித்தால் கிலோமீட்டருக்கு ஐந்து, அதாவது 5:43. ஒன்பதாவது லேப்பில் 5:46 தான் முடிந்தது, 52:20. கடைசி கிலோமீட்டரை 5:37 இல் இழுத்து 57:57 இல் முடித்தார்.

அந்த 5:37 க்குத் தெம்பு மிச்சமிருந்ததற்கு மூன்றாவது போர்டில் எதுவும் செய்யாமல் விட்டது பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

## 9. இலக்கு நழுவுகிறதா என்று ஆறாவதில் முடிவெடுங்கள்

ஆறாவது போர்டில் 30 விநாடிக்கு மேல் பின்தங்கியிருந்தால் ஒரு கேள்வி போதும். மீதி நான்கு கிலோமீட்டரை 5:40 இல் ஓட வேண்டும். இன்று ஓடிய ஆறில் எதையாவது மூச்சுத் திணறாமல் அந்த வேகத்தில் ஓடினீர்களா? இல்லையென்றால் பட்டியலை மறந்துவிட்டு 59 நிமிடத்துக்கு மாறுங்கள். ஆறாவதில் 35:20 என்று வைத்துக்கொள்வோம். 59:00 க்கு 23:40 மீதி இருக்கிறது, கிலோமீட்டருக்கு 5:55. அதை எட்டிவிடலாம். முதல் இலக்கையே பிடித்துத் தொங்கினால் எட்டாவதில் நடந்து 61 இல் முடிப்பதுதான் வழக்கம்.

ஏழாவதுக்குப் பிறகு முன்னால் இருக்கிறவர்கள் மெல்லக் கூட்டலாம். ஐந்தாவதில் முன்னால் இருப்பதை வைத்து இலக்கை 57 ஆக மாற்றுவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 10K இல் உடல் கணக்குக் கேட்பது ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்தான்.

## 10. முடிந்ததும் லேப்களைச் சோடியாகப் பாருங்கள்

அதிகாரபூர்வ சிப் நேரம் வந்ததும் வாட்சின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு விநாடி வித்தியாசம் பட்டன் அழுத்தியதால் வந்தது. அதற்கு மேல் என்றால் தொடக்கப் பாயில் பட்டனைத் தாமதமாகவோ முன்பாகவோ அழுத்தியிருக்கிறீர்கள்.

பிறகு ஒரு நீண்ட லேப்பும் அதையொட்டி ஒரு குறுகிய லேப்பும் வந்திருந்தால் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுங்கள், போர்டு பிழை விலகிவிடும். அப்படித் திருத்திய பட்டியலில் முதல் ஐந்தின் மொத்தத்தையும் கடைசி ஐந்தின் மொத்தத்தையும் பாருங்கள். மேலே சொன்ன ஓட்டத்தில் 28:54, 29:03. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், அடுத்த பட்டியலைப் போடும்போது இலக்கைத் தளர்த்த வேண்டுமா என்று கேட்பதற்கு முன் முதல் இரண்டு லேப்களைப் பாருங்கள். அவை 5:35 க்குக் கீழே இருந்தால் இலக்கை மாற்ற வேண்டாம், தொடக்கத்தை மாற்றுங்கள். அவை 5:48 ஐ ஒட்டியே இருந்தும் பின்பாதி சரிந்திருந்தால்தான் 1 ஆவது படிக்குத் திரும்பி, புதிதாக ஒரு 5 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டும்.